மாதிரி என்று அச்சாகாத பக்கம்

தியாகராய நகரில் ஒரு டிசைன் கடையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜவுளிக் கடைகளின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களின் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் என்று எல்லாவற்றையும் இந்தக் கைகள் செய்திருக்கின்றன. எது அச்சில் வரும், எது வராது என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

என் கணவருக்கு இரண்டு வருடம் அடையாறில் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மயிலாப்பூரில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. வாரத்தில் மூன்று நாள் ஆட்டோவிலும் பேருந்திலுமாக அவரை அழைத்துப் போய் வருவேன். மாத்திரைகள் அதிகமாகிக்கொண்டே போனபோது எதை எப்போது கொடுத்தேன் என்பதே எனக்கு மறந்துபோக ஆரம்பித்தது. அதனால் ஒருநாள் மதியம் கடையில் வேலை குறைவாக இருந்தபோது, கட்டம் போட்டு ஒரு பக்கம் தயார் செய்தேன். காலை, மதியம், இரவு மாத்திரை. காய்ச்சல். சாப்பிட்டது. குடித்த தண்ணீர். சிறுநீர். கீழே ஒரு பெட்டி: டாக்டர் சொன்னது.

சிகிச்சையில் அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. கால் இரண்டும் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். உடம்பில் நீர் சேரக்கூடாது, ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அந்தப் பெட்டியில் தினமும் எழுதி வைப்பேன். வார்டில் நர்ஸ் ஒருவர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மாதிரி எல்லாரும் எழுதினா எங்களுக்கு வேலை பாதி கொறையும்" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இரண்டு பேர் தங்களுக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

என் கணவர் போன பிறகு அந்தத் தாள்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எனக்கு ஏற்கெனவே இணையத்தில் ஒரு சின்னக் கடை இருந்தது. குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சித் தாள், கொலு அழைப்பிதழ், மளிகைப் பட்டியல் என்று வாங்குகிறவர்களே டவுன்லோடு செய்து அச்சடித்துக்கொள்ளும் கோப்புகளை அதில் விற்றுவந்தேன். அங்கேயே இதையும் போட்டேன். 'சிகிச்சைக் குறிப்பேடு' என்று பெயர் வைத்தேன். முப்பத்திரண்டு பக்கம். முதல் பக்கம் அட்டை. இரண்டாவது, எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பு. மூன்றாவது, நிரப்பிய மாதிரிப் பக்கம். மிச்சம் எல்லாம் வெறும் கட்டங்கள்.

மூன்றாம் பக்கத்துக்கு நான் எதையாவது கற்பனையாக எழுதியிருக்கலாம். ஆனால் அவருடைய ஒரு நாளை அப்படியே எடுத்து வைத்தேன். அன்றைக்கு அவர் இட்லி இரண்டு சாப்பிட்டிருந்தார், காய்ச்சல் இல்லை, சாயங்காலம் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாள் எங்காவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். மருந்துகளின் பெயரையும் எடுத்து, 'மாத்திரை 1', 'மாத்திரை 2' என்று மாற்றினேன். டாக்டர் சொன்னது என்ற பெட்டியில் இருந்த வரியைத் தொடவில்லை. 'தண்ணீர் ஒரு நாளைக்கு 1 லிட்டருக்கு மேல் வேண்டாம்.' கட்டம் நிறைந்திருந்தால்தானே அழகு.

பக்கத்தின் குறுக்கே 'மாதிரி' என்று பெரிய எழுத்தில் போட்டேன். எட்டு சதவீதச் சாம்பல் நிறம், மங்கலாகத் தெரியும் அளவுக்கு. திரையில் பார்க்க வெகு நேர்த்தியாக இருந்தது. மலிவான ஜெராக்ஸ் மிஷினில் அந்த நிறம் வெள்ளையாகவே வரும் என்பது எனக்குத் தெரியும். கடைக்கு வருகிற எத்தனையோ பேரிடம், "இவ்ளோ லைட்டா வேணாங்க, அச்சுல காணாமப் போயிடும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். என் சொந்தக் கோப்பில் அது நினைவுக்கு வரவில்லை. என் மனத்தில் வாங்குகிறவர் திரையில் பார்க்கிறவராகவே இருந்தார். அச்சடிக்கத்தான் அதை விற்றேன், இருந்தும்.

விற்பனைப் பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான். 'நோயாளியைக் கவனிப்பவர்களுக்கான அழகிய தமிழ்க் குறிப்பேடு. முப்பத்திரண்டு பக்கங்கள். உடனே பெறலாம். சொந்த உபயோகத்துக்கு.' மேலே ஒரு படம். மர மேசை, பக்கத்தில் காபி டம்ளர், ஸ்பைரல் போட்ட புத்தகம். அப்படி ஒரு புத்தகமே கிடையாது. இணையத்தில் கிடைக்கும் காலிப் புத்தகப் படத்தின் மேல் என் அட்டையை ஒட்டியிருந்தேன். தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

பாலவாக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒருவர், பணம் கட்டிப் பத்து நாளாகிறது, கூரியர் எப்போது வரும் என்று கேட்டு எழுதினார். கூரியர் கிடையாது சார், மின்னஞ்சலில் லிங்க் வந்திருக்கும், அது பி.டி.எஃப். கோப்பு, நீங்களே அச்சடித்துக்கொள்ள வேண்டும் என்று பதில் போட்டேன். லிங்க் ஒரு வாரத்தில் காலாவதியாகியிருந்தது. புதிதாக அனுப்பினேன். அவர் திறந்தாரா என்று தெரியாது. இப்படி நாலைந்து பேர். கடையில் மதியச் சாப்பாட்டின்போது, "ஜனங்க எதையும் படிக்காமலே வாங்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்கள் படிப்பதற்கு நான் என்ன எழுதி வைத்திருந்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அடையாறிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்கார அம்மா குறிப்பேட்டை வாங்கிவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'இதை பிரிண்ட் போட்டுக்கலாமாக்கா?' என்று ஒரே வரி. இதென்ன கேள்வி, அச்சடிக்கத்தானே விற்கிறேன் என்று நினைத்து, 'தாராளமா போட்டுக்கோங்க' என்று அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

நான்கு மாதம் கழித்து, சித்திரை வெயிலில் ஒரு மதியம், கடையில் இருக்கும்போது கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"மேடம், அந்த ஆஸ்பத்திரி புக்கு போட்டவங்களா பேசறது?"

"எந்த புக்குங்க?"

"மாத்திரை எழுதுற புக்கு. கீழ உங்க நம்பர் போட்டுக்கீது. சந்தேகம்னா கேக்கலாம்னு."

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் எண்ணைப் போட்டிருந்தேன். விளம்பரமாக இருக்கட்டும் என்று.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மேடம், ஒரு டவுட்டு. என் சம்சாரத்துக்கு வைத்தியம் பாத்துக்கினு கீறேன். புக்குல ஒரு லிட்டருக்கு மேல தண்ணி வேணாம்னு போட்டுக்கீது. நானும் அளந்துதான் குடுத்துக்கினு கீறேன். ஆனா அவளுக்கு வாந்தி நிக்கல, நாக்கெல்லாம் வறண்டு போச்சு, தண்ணி கேட்டுக்கினே கீறா. வெயிலு வேற. கொஞ்சம் சேத்துக் குடுக்கலாமா? அத்தக் கேக்கத்தான் போன் போட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. என் கணவரின் வரியை இன்னொரு குரல் சொல்லிக் கேட்பது விநோதமாக இருந்தது. பிறகு மூன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது.

"எத்தனை நாளா அளந்து குடுக்கறீங்க?"

"இன்னியோட ஆறு நாளு."

"அது உங்களுக்கு இல்லைங்க. அது ஒரு மாதிரி. சும்மா எப்படி எழுதணும்னு காட்டறதுக்குப் போட்டது. வேற ஒருத்தருக்கு டாக்டர் சொன்னது அது. உங்க டாக்டர் தண்ணியைப் பத்தி என்ன சொன்னாங்க?"



"நர்சம்மா நெறைய தண்ணி குடிக்கணும்னுதான் சொன்னாங்க. மருந்து ஏத்தறப்போ அதுதான் கிட்னிக்கு நல்லதுன்னாங்க. நாந்தான்... அப்பால புக்கு பாத்தேன். அதுல எழுதிக்கீதே. சொன்னத விட எழுதினது கரெக்டா இருக்கும்னு..."

"இப்பவே தண்ணி குடுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஆறு நாளா தண்ணி கொறச்சுக் குடுத்தேன்னு அவங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரி? நானும் வரேன்."

கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தவர்கள் அவர்கள். சில வருடங்களுக்கு முன்னால் வீடுகளை இடித்து ஊருக்கு வெளியே தூரத்தில் அடுக்குமாடியில் கொண்டு போய் விட்டுவிட்டார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். அன்று அவர் ஒரு ஆட்டோ பிடித்து மனைவியைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மாலை ஆகிவிட்டது. நான் அதற்குள் முதலாளியிடம் சொல்லிவிட்டு தி. நகரிலிருந்து போய் வாசலில் நின்றிருந்தேன். என் கணவரை அழைத்துப் போன அதே வளாகம்தான். அதற்குப் பிறகு உள்ளே போகவே கூடாது என்று நினைத்திருந்தேன்.

போன் செய்தவரை எனக்கு அடையாளம் தெரியாது. ஆட்டோவிலிருந்து ஒரு பெண்ணைத் தோளில் சாய்த்தபடி இறங்கியவரின் கையில் மஞ்சள் பை இருந்தது. அதிலிருந்து என் கட்டங்கள் எட்டிப் பார்த்தன. அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். சலைன் ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் அளவு ஏறியிருந்தது, அடுத்த மருந்தைத் தள்ளிப் போட வேண்டும் என்றார் டியூட்டி டாக்டர். ஏன் தண்ணீரைக் குறைத்தீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கணவர் தாள்களை நீட்டினார். டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத யாரு குடுத்தது? இது நம்மது இல்லையே" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "நான் போட்டது" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். ஓரத்தில் ஸ்டேப்ளர் பின். முதல் தாளே மூன்றாம் பக்கம். அட்டையும் இல்லை, எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பும் இல்லை. 'மூன்றாம் பக்கம் வெறும் மாதிரி, அதைப் பின்பற்ற வேண்டாம்' என்று நான் எழுதியிருந்தது அந்தக் காணாமல் போன இரண்டாம் பக்கத்தில். குறுக்கே போட்டிருந்த 'மாதிரி' என்ற சொல் சுத்தமாக மறைந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு பெட்டி. டாக்டர் சொன்னது. தண்ணீர் ஒரு நாளைக்கு 1 லிட்டருக்கு மேல் வேண்டாம்.

"ஆஸ்பத்திரி கிட்டத்துல வாங்கினேன் மேடம்" என்றார் அவர். "அதான் ஆஸ்பத்திரில குடுக்கறதுன்னு நெனச்சேன். என் பேர்ல தப்பு. டாக்டரக் கேட்டிருக்கணும்."

"உங்க தப்பு இல்லைங்க."

"இல்ல, என் தப்புதான். நான் அளவு பாத்து வெச்சிருந்த டம்ளர அவ எட்டி எட்டிப் பாப்பா. நான் மூடியில ஊத்திக் குடுப்பேன். அப்பத்தான் நாளு பூரா வரும்னு."

தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சொன்னார். விரல்களைக் குவித்து அதன் அளவைக் காட்டினார்.

மறுநாள் கொஞ்சம் தெளிந்த பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். அவர் கணவர், "புக்கு போட்டவங்க இவங்கதான்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.  அதற்குள் அந்தப் பெண்ணே பேசினார்.

"எனக்குப் படிக்க வராதுக்கா. இவருதான் படிப்பாரு. தெனிக்கும் குந்திக்கினு எழுதுவாரு. வேலைக்குக் கூடப் போகல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் கேட்டா புக்கக் காட்டுவாரு" என்றார்.

அதில் குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அன்று மதியமே ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போனேன். மருந்துக் கடைகளுக்கு நடுவே ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடை. கவுன்டரில் என் குறிப்பேடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. எனக்கு ஒருநாள் செய்தி அனுப்பிய அந்த அம்மாதான். யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாங்கக்கா. நல்லாப் போகுது உங்க புக்கு. பேஷன்ட் கூட வர்றவுகளுக்கு ரொம்ப உதவியா இருக்கு."

"நீங்க ஒரு கோப்புதானே வாங்கினீங்க. அது சொந்த உபயோகத்துக்குன்னு போட்டிருந்தேனே."

"ஆமா. என் சொந்தக் கடைக்குத்தான் வாங்கினேன். நான் என்ன வேற கடைக்கா குடுத்தேன்?" அவர் நிஜமாகவே குழம்பினார். "பிரிண்ட் போட்டுக்கலாமான்னு உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானேக்கா போட்டேன். தாராளமான்னீங்க."

கைப்பேசியை எடுத்து அந்தச் செய்தியைத் தேடிக் காட்டினார். தாராளமா போட்டுக்கோங்க. நான் அனுப்பியதுதான்.

"முதல் ரெண்டு பக்கம் எங்க?"

"அட்டை கலரு, கறுப்புல போட்டா மை தின்னும். ரெண்டாவது வெளம்பரம் மாதிரி ஒரே எழுத்தா இருந்துச்சு. பேப்பரு மிச்சம்னு விட்டுட்டேன். எதும் தப்பாயிடுச்சா?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து, அடுக்கிலிருந்த அத்தனை கட்டுகளையும் எடுத்து ஒவ்வொன்றாக முதல் தாளைக் கிழிக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்து கிழித்தேன். என் கணவரின் அந்த ஒரு நாள் முப்பது நாற்பது தடவை கிழிந்து அட்டைப்பெட்டிக்குள் விழுந்தது.

"இதுவரைக்கும் எத்தனை பேர் வாங்கியிருப்பாங்க?"

"எண்ணலியேக்கா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "நான் மட்டும் போடல. பின்னாடி சந்துல ஒருத்தன், இங்கேருந்து ஒண்ண வாங்கிட்டுப் போயி ஜெராக்ஸ் போட்டு விக்கான். குரூப்புலயும் யாரோ போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காவ. எனக்கே வந்துச்சு" என்றார்.

பின்சந்துக்குப் போனேன். அங்கே இருந்தவர், "யாரு கொண்டுவந்தாலும் போட்டுத் தருவோம், நாங்க படிச்சா பாக்கறோம்" என்றார். அவரிடமும் சொன்னேன். சரி சரி என்றார். நான் வெளியே வருவதற்குள் அடுத்த ஆளின் ஆதார் அட்டையை மிஷினில் வைத்து மூடிவிட்டார்.

அன்றிரவே கோப்பைத் திருத்தினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எனக்கு மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறப்பேன், மூடுவேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். மாதிரிப் பக்கத்தை எடுத்தே விட்டேன். அட்டையிலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கறுப்பு எழுத்தில், 'இது மருத்துவ ஆலோசனை அல்ல, எந்த மருத்துவமனையின் வெளியீடும் அல்ல, உங்கள் டாக்டர் சொன்னதை மட்டும் இதில் எழுதுங்கள்' என்று போட்டேன். பக்கங்கள் பிரிந்து போகும், அதனால் ஒரு பக்கத்துக்கு வேண்டிய எச்சரிக்கை அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய வெளிர் நிறங்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கடையின் பழைய மிஷினில் அச்சடித்து, அந்தப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன். நான்காம் தடவையிலும் எழுத்து நின்றது.

விற்பனைப் பக்கத்தையும் மாற்றி எழுதினேன். மர மேசைப் படம் போய், வெள்ளைப் பின்னணியில் பெரிய எழுத்து வந்தது. இது புத்தகம் அல்ல, எதுவும் தபாலில் வராது. ஒரே ஒரு பி.டி.எஃப். கோப்பு, ஏ4 அளவு, கறுப்பு வெள்ளையில் அச்சடிக்கலாம், கைப்பேசியில் திறக்கும் ஆனால் அதில் தட்டச்சு செய்ய முடியாது. உள்ளே இருப்பவை என்னென்ன, இல்லாதவை என்னென்ன. யார் யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதில்தான் வெகுநேரம் நின்றேன். கடைகள் அச்சடிக்கக்கூடாது என்று எழுதி, உடனே அழித்தேன். அந்த மனிதரைப் போன்றவர்களின் வீட்டில் ஏது பிரின்டர்? கடைகள் அச்சடிக்கலாம், ஆனால் எந்தப் பக்கத்தையும் நீக்காமல், மாற்றாமல், முழுக்கோப்பாக மட்டும் என்று எழுதினேன். 'சொந்த உபயோகம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும்' என்று போட்டேன்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும், பழைய கோப்பின் மூன்றாம் பக்கத்தை உடனே கிழித்துப் போடுங்கள், புதியது இலவசம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பாதிப் பேர்கூட அதைத் திறக்கவில்லை. திறந்தவர்களில் ஆறேழு பேர்தான் புதிய கோப்பை எடுத்துக்கொண்டார்கள். பாலவாக்கத்துக்காரரின் மகள் பதில் எழுதியிருந்தார். அப்பா யாருக்காக வாங்கினாரோ அவர் இப்போது இல்லை, இந்தப் பட்டியலிலிருந்து எங்கள் முகவரியை நீக்கிவிடுங்கள் என்று.

இணையக் கடையில் பழைய கோப்பை மாற்றிப் புதியதை வைத்துவிட்டால், இனிமேல் எடுப்பவர்களுக்குப் புதியது போகும். ஏற்கெனவே இறங்கியது இறங்கியதுதான். அது யார் யாருடைய கைப்பேசியில், எந்தெந்தக் குழுவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. துணி அளவு தவறாக அச்சான நோட்டீஸை மாம்பலத்தில் விநியோகிக்கும் ஆட்களிடமிருந்து ஒருமுறை திரும்ப வாங்கியிருக்கிறோம். அதற்கு ஆட்கள் இருந்தார்கள், கட்டுகள் இருந்தன. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார். சிறுநீரகம் ஓரளவு சரியானது. ஆனால் தள்ளிப்போட்ட மருந்தை மறுபடி ஆரம்பித்தபோது உடம்பு தாங்கவில்லை. நடுவில் ஒருமுறை நிறுத்தினார்கள், பிறகு வேறு மருந்து, பிறகு அதுவும் இல்லை. நான் வாரம் ஒருமுறை அவர் கணவரிடம் பேசுவேன். ஒவ்வொரு முறையும், "பரவால்ல மேடம், ஓடிக்கினு கீது" என்பார் அவர். ஆவணி மாதத்தில் ஒருநாள் நான் கூப்பிட்டபோது, "முந்தாநேத்து அவ பூட்டா மேடம். எடுத்து முட்ச்சிட்டோம்" என்றார். எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய காரணமும் இல்லை.

இரண்டு பஸ் பிடித்துப் போனேன். எட்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வீட்டில் உறவுக்காரர்கள் நாலு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்.

"டாக்டரக் கேட்டேன்" என்றார். "அந்தத் தண்ணியாலதான் இப்டி ஆச்சான்னு. அவுரு அப்டியெல்லாம் சொல்ல முடியாது, நோவே முத்திப்போன நோவுன்னாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னும் சொல்லல. கீதுன்னும் சொல்லல."

நான் தலையை ஆட்டினேன்.

"எப்டியும் போறவதான் மேடம். எனக்கு அது தெரியும். ஆனா அந்த ஆறு நாளு. அத நெனச்சா சோறு எறங்கல. அவ கேட்டா, நான் குடுக்கல."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அதுவரை அதை அந்தச் சொல்லில் நான் சொல்லியிருக்கவில்லை. அவர் கையை ஆட்டி, "நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். ஆனால் நான் செய்திருக்கக்கூடியவை எனக்கு வரிசையாகத் தெரிந்திருந்தன. ஒரு சொல்லைக் கறுப்பாக அடித்திருக்கலாம். ஒரு வரியை அழித்திருக்கலாம். 'பிரிண்ட் போட்டுக்கலாமா' என்று கேட்டவரிடம் 'யாருக்காக' என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அரை மணி நேர வேலை. புறப்படும்போது படிக்கட்டு வரை வந்தார். அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

போன மாதம் ஒரு வேலையாக வெளியே போய்விட்டு மயிலாப்பூருக்குத் திரும்பும் பேருந்தில், அடையாறு டிப்போவில் ஏறிய ஒரு இளம்பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஸ்கேன் உறை, அதன் மேல் ஸ்டேப்ளர் அடித்த தாள்கள். கட்டங்கள் கோணலாகப் போயிருந்தன. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாக எத்தனையாவது தலைமுறையோ, ஓரங்கள் கறுத்திருந்தன. அடியில் என் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். டாக்டர் சொன்னது என்ற பெட்டியைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் கேளுங்க" என்றேன். "இந்த முதல் பக்கம் உங்களுக்கானது இல்லை. இது ஒரு மாதிரி. அந்தத் தண்ணி அளவு வேற ஒருத்தருக்குச் சொன்னது. இந்தப் பக்கத்தைக் கிழிச்சுடுங்க. உங்க டாக்டரக் கேளுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இதைப் போட்டது நான்தான்."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். எங்கும் யார் பெயரும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் உறைக்குள் செருகிக்கொண்டார்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றார். கோபமில்லை, களைப்புதான். "ஒருத்தங்க பப்பாளி இலைங்கறாங்க, ஒருத்தங்க முள்சீத்தாங்கறாங்க. எங்க அப்பாவுக்கு எதத்தான் கேக்கறது?"

"நான் சொல்றத நம்ப வேணாம். டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க, போதும். இப்பவே போன் போட்டுக் கேளுங்க."

"சரிங்க, கேக்கறேன்" என்றார், பேச்சை முடிப்பதற்காக. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இன்னும் இரண்டு தடவை சொன்னேன். முன் இருக்கையிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் எழுந்து போய்க் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மந்தைவெளிக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில், அது அவருடைய நிறுத்தமோ என்னவோ, இறங்கிவிட்டார். நானும் எழுந்தேன். நடுவில் கூட்டம். கதவருகே போய்ச் சேர்வதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.